தாத்தாவுக்கு ஓரம் வெட்டிய கதை



போன மாசம் ஒரு ராத்திரி பதினோரு மணி. என் ரூம்மேட் ஊர்ல இருந்து போன் பண்ணினான். அவங்க தாத்தா தவறி ஒரு வாரம் ஆகியிருந்தது. பதினாறாம் நாள் காரியத்துக்கு ஃப்ரேம் போட போட்டோ வேணும். ஆனா தாத்தா தனியா எடுத்துக்கிட்ட போட்டோ ஒண்ணுகூட இல்லை. இருந்தது ஒரே ஒரு கல்யாண குரூப் போட்டோ. போஸ்ட்கார்டு சைஸ் பிரின்ட். பின்னாடி கரும்பச்சை திரை, நடுவுல வெள்ளை சட்டையும் தோள்ல துண்டுமா தாத்தா.

ஒரு ஸ்டூடியோவில் கொடுத்து, வெட்டி வானநீல பேக்ரவுண்டில் ஒட்டி வாங்கியிருந்தாங்க. அதை எனக்கு அனுப்பினான். பார்த்ததும் புரிஞ்சிடுச்சு. தோள் ஓரம் முழுக்க படிக்கட்டு படிக்கட்டா இருந்தது. தலையைச் சுத்தி கரும்பச்சையில் பென்சில் கோடு போட்ட மாதிரி ஒரு பார்டர். “மச்சி, பேப்பர்ல இருந்து கத்தரிச்சு ஒட்டின மாதிரி இருக்குடா. அப்பத்தா பார்த்துட்டு ஒண்ணுமே சொல்லலை. அதான் கஷ்டமா இருக்கு”ன்னான்.

அதனால இந்த வாரம் நம்ம மேட்டர், வெட்டின உருவத்தோட ஓரம். அதை எப்படி இயல்பா கொண்டுவர்றது? கல்ச்சுரல்ஸ் போஸ்டருக்கு ஹீரோவை வெட்டினாலும் இதேதான், ஃபேர்வெல் பேனருக்கு ஹெச்.ஓ.டி-யை வெட்டினாலும் இதேதான். நான் பயன்படுத்தினது ஜிம்ப். இலவசம் பாஸ்!

முதல் சொதப்பல்

குரூப் போட்டோவை 600 டி.பி.ஐ-யில் ஸ்கேன் பண்ணி அனுப்பச் சொன்னேன். மொபைலில் பிரின்ட்டைப் படம் எடுத்தா வெளிச்சம் பளபளன்னு அடிக்கும், ஓரமும் வளையும். ஸ்கேனில் தாத்தா தலையில் இருந்து நெஞ்சு வரைக்கும் சுமார் 700 பிக்சல் உயரம் வந்தார்.

ஃப்ரீ செலக்ட் டூலை எடுத்து, மவுஸைப் பிடிச்சு அவரைச் சுத்தி ஒரு ரவுண்டு வந்தேன். கை நடுங்கினதில் தோள் கோடு கடிச்ச முறுக்கு மாதிரி ஆயிடுச்சு. அதனால என்ன, ‘ஃபெதர்’னு ஒண்ணு இருக்கே, ஓரத்தை இறகு மாதிரி மென்மையாக்கிடுமே! `Select > Feather` போய் 40-ன்னு கொடுத்தேன். வெட்டி ஒட்டிப் பார்த்தா... தாத்தாவைச் சுத்தி ஒரு புகை. சாமி படத்துல தலைக்குப் பின்னாடி வருமே ஒளிவட்டம், அது கரும்பச்சை கலர்ல! இதை அனுப்பினா அப்பத்தா மயக்கம் போட்டுடுவாங்கன்னு அப்பவே அழிச்சுட்டேன்.

எண்ணைக் குறைச்சு 2 கொடுத்தேன். புகை போச்சு, முறுக்கு அப்படியே நின்னுச்சு. லேசா மங்கலான முறுக்கு, அவ்வளவுதான் வித்தியாசம்.

இங்கதான் உட்கார்ந்து யோசிச்சேன். ‘ஓரம் சரியில்லை’ன்னு நாம ஒரே வார்த்தையில் சொல்றது உண்மையில் மூணு தனித்தனி வியாதி. ஒண்ணு, கை நடுங்கின வளைவு. ரெண்டு, ஓரத்துல ஒட்டிக்கிட்டு வர்ற பழைய பேக்ரவுண்டு கலர். மூணு, வெட்டின இடத்தோட திடீர் முடிவு. ஃபெதர் மூணாவதுக்கு மட்டும்தான் மருந்து. மத்த ரெண்டுக்கும் அதையே கொடுத்தா வியாதி மங்கலாகும், தீராது.

செலக்‌ஷன் ஒரு கோடு இல்லை

எறும்பு ஊர்ற மாதிரி ஓடுற அந்தப் புள்ளிக் கோட்டைப் பார்த்து, செலக்‌ஷன்னா அந்தக் கோடுதான்னு நினைக்கிறோம். உண்மையில் உள்ளே இருக்கிறது ஒரு கறுப்பு வெள்ளைப் படம். நம்ம படத்துல எத்தனை பிக்சலோ, அதுலயும் அத்தனை பிக்சல். முழுசா தேர்ந்தெடுத்த பிக்சலுக்கு 255, தேர்ந்தெடுக்காததுக்கு 0. நடுவுல 128-ன்னு இருந்தா அந்த பிக்சல் பாதி தேர்வானதுன்னு அர்த்தம். எறும்புக் கோடு ஓடுறது அந்தப் பாதி எங்கே இருக்கோ அங்கேதான். அதனால ஃபெதர் எவ்வளவுன்னு எறும்பைப் பார்த்துத் தெரிஞ்சுக்கவே முடியாது. 2 கொடுத்தாலும் 40 கொடுத்தாலும் நேரான ஓரத்துல எறும்பு அதே இடத்துலதான் ஊரும். உள்ளே இருக்கறதைக் கண்ணால பார்க்கணும்னா `Shift+Q` தட்டுங்க. தேர்வாகாத இடமெல்லாம் சிவப்புப் படலமா தெரியும், ஓரத்துல அது எப்படிக் கரையுதுன்னும் தெரியும்.

ஃபெதர் பண்ணும்போது நடக்கிறது ரொம்ப சிம்பிள். அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தை மங்கலாக்குது. 255-ல இருந்து 0-க்கு ஒரே தாவா இருந்தது, 255, 200, 128, 60, 0-ன்னு சரிவா மாறுது. ஒட்டும்போது 128 இருக்கிற பிக்சலில் பாதி தாத்தா, பாதி புது பேக்ரவுண்டு கலக்கும். கண்ணுக்கு ஓரம் இயல்பா தெரியறது இந்தக் கலவையாலதான்.

ஆனா ஒரு பொடி விஷயம் இருக்கு. மங்கலாகறது உள்பக்கம் மட்டும் இல்லை, வெளிப்பக்கமும்தான். ஜிம்ப்ல 40 கொடுத்தா கோட்டுக்கு உள்ளே சுமார் 40 பிக்சல், வெளியே சுமார் 40 பிக்சல் பரவும். வெளியே என்ன இருக்கு? கரும்பச்சைத் திரை! என் ஒளிவட்டத்தோட ரகசியம் அதுதான். தாத்தாவோடு சேர்த்து திரையையும் கொஞ்சம் கொஞ்சமா அள்ளிட்டு வந்திருக்கேன்.

முதல்ல பெருசாக்கு, அப்புறம் வெட்டு

ஃப்ரேம் சைஸ் 8-க்கு 10 இன்ச். 300 டி.பி.ஐ-ன்னா 2400-க்கு 3000 பிக்சல். அதுல தாத்தா சுமார் 2100 பிக்சல் உயரம் நின்னா அழகா இருக்கும். அப்போ 700-ஐ மூணு மடங்கு பெருசாக்கணும். சின்னதுலயே வெட்டி அப்புறம் பெருசாக்கினா, வெட்டுல இருக்கிற ஒவ்வொரு தப்பும் மூணு மடங்காகும். அதனால தாத்தா இருக்கிற இடத்தை மட்டும் நெஞ்சு வரைக்கும் க்ராப் பண்ணி, பெருசாக்கி, அதுக்கப்புறம்தான் செலக்‌ஷன்.

அடுத்து, எவ்வளவு ஃபெதர்? இதை மனசுக்குத் தோணினபடி போடக் கூடாது. பதில் அந்த போட்டோவுக்குள்ளேயே இருக்கு. 400 பர்சென்ட் ஜூம் பண்ணி, வெட்டாத ஒரிஜினலில் சட்டைத் தோள் திரையைத் தொடுற இடத்தைப் பாருங்க. வெள்ளை சட்டுனு பச்சையாகாது. நடுவுல சில பிக்சல் வெள்ளையும் பச்சையும் கலந்து இருக்கும். லென்ஸ், பிரின்ட், ஸ்கேனர் எல்லாம் சேர்ந்து பண்ணின கலவை அது. எண்ணிப் பார்த்தேன். ஸ்கேனில் 3 பிக்சல் இருந்தது, பெருசாக்கின பிறகு 9 பிக்சல் ஆச்சு.

அதாவது இந்த போட்டோவில் ஒரு ஓரம்னா அது 9 பிக்சல் அகலம். என் வெட்டும் அதே அகலத்துல கரையணும். அதைவிடக் கூர்மையா இருந்தா கத்தரிக்கோல் தெரியும், அதைவிட மங்கலா இருந்தா புகை தெரியும். ஜிம்ப்ல கொடுக்கிற எண் ரெண்டு பக்கமும் பரவுறதால, 9-ல பாதி, சுமார் 4 கொடுத்தா போதும். 40 எங்கே, 4 எங்கே!

சரியான வரிசை

முதல் வேலை, கை நடுக்கத்தைச் சரிபண்றது. ஜிம்ப்ல இதுக்கு ஒரு குறுக்குவழி இருக்கு. முதல்ல `Select > Feather` போய் 15 கொடுங்க. உடனே `Select > Sharpen` தட்டுங்க. ‘மங்கலாக்கிட்டு மறுபடி கூர்மையாக்கினா பழைய இடத்துக்கே வராதா?’ன்னு கேட்பீங்க. வராது! மங்கலாகும்போது சின்னச் சின்ன மேடு பள்ளமெல்லாம் ஒண்ணுக்கொண்ணு சராசரியாகிடும். ஷார்ப்பன் என்ன பண்ணும்னா, பாதிக்கு மேல தேர்வான பிக்சலை முழுசாவும் மத்ததை ஜீரோவாவும் மாத்திடும். முறுக்கு போய் வழவழன்னு ஒரு கோடு கிடைக்கும்.

ஆனா அதுக்கு நல்ல மேடு எது, கெட்ட மேடு எதுன்னு தெரியாது. சட்டைக் காலர் முனை, காது மடல் கழுத்தோட சேருற இடுக்கு எல்லாத்தையும் சேர்த்து உருட்டிடும். தாத்தாவோட காலர் முனை நெல்லிக்காய் மாதிரி ஆனதைப் பார்த்துட்டு, `Shift+Q` மோடுக்குப் போய் அந்த முனையை மட்டும் சின்ன பிரஷ்ஷில் வெள்ளை அடிச்சுத் திரும்ப வரைஞ்சேன். அந்த மோடில் வெள்ளை அடிச்சா தேர்வாகும், கறுப்பு அடிச்சா விலகும்.

ரெண்டாவது வேலை, ஓரத்தை உள்ளே தள்றது. `Select > Shrink`, அளவு 4. இதுதான் கரும்பச்சைக் கோட்டுக்கு மருந்து. எப்படின்னா, கோடு இப்போ 9 பிக்சல் கலவையோட நடுவுல ஓடுது. அடுத்து நாம 4 ஃபெதர் கொடுக்கப் போறோம், அது வெளியே 4 பரவும். முன்கூட்டியே 4 உள்ளே தள்ளிட்டா, பரவினதோட நுனி பழைய கோட்டு இடத்துலயே நின்னுடும். திரைப்பக்கம் எட்டிப் பார்க்காது. எவ்வளவு ஃபெதரோ அவ்வளவு ஷ்ரிங்க், இந்த ஒரு வரியை ஞாபகம் வெச்சுக்குங்க.

மூணாவதுதான் `Select > Feather`, அளவு 4.

ஷ்ரிங்க், ஃபெதர் ரெண்டு பெட்டியிலயும் `Selected areas continue outside the image`-ன்னு ஒரு டிக் இருக்கும். போட்டுடுங்க. நான் முதல் தடவை விட்டுட்டேன். தாத்தாவோட நெஞ்சுப் பகுதி படத்தோட கீழ் ஓரத்தைத் தொட்டுக்கிட்டு இருந்ததா, அதையும் ஒரு ஓரம்னு நினைச்சு ஜிம்ப் உள்ளே தள்ளிக் கரைச்சிடுச்சு. நெஞ்சுக்குக் கீழே காத்துல மிதக்கிற மாதிரி ஒரு எஃபெக்ட்!

போட்டோஷாப் வெச்சிருக்கிறவங்களுக்கு `Select > Modify` உள்ளே `Smooth`, `Contract`, `Feather`-ன்னு இதே மூணும் இதே வரிசையில் உதவும். ஆனா அங்கே அதே எண்ணைக் கொடுத்தாலும் பரவல் இதே அளவு இருக்காது. என் 4-ஐ காப்பி அடிக்காம, ஒரிஜினல் ஓரத்தோட பக்கத்துல வெச்சு ஒப்பிட்டு எண்ணை முடிவு பண்ணுங்க.

டெலீட் பட்டனைத் தொடாதீங்க

செலக்‌ஷன் ரெடி. இப்போ வெளிப்பக்கத்தை டெலீட் பண்ணணும்னு கை பரபரக்கும். வேணாம் பாஸ்! லேயர் மேல ரைட் கிளிக் பண்ணி, மாஸ்க் சேர்க்கிற வரியைப் பிடிச்சு, `Selection`-ங்கிறதைத் தேர்ந்தெடுங்க. நாம சொன்ன அந்தக் கறுப்பு வெள்ளைப் படம் அப்படியே லேயர் மேல ஒரு முகமூடியா உட்கார்ந்துக்கும். வெளியே இருக்கிறது மறையும், ஆனா அழியாது. தப்புன்னா மாஸ்க்ல வெள்ளை அடிச்சா திரும்பி வந்துடும். இது எவ்வளவு பெரிய புண்ணியம்னு கொஞ்ச நேரத்துல சொல்றேன்.

மாஸ்க் போட்டதும் பரீட்சை வைக்கணும். தாத்தா லேயருக்குக் கீழே ஒரு வெள்ளை லேயர், ஒரு கறுப்பு லேயர். மாத்தி மாத்திக் காட்டிப் பாருங்க. வெள்ளை மேல கரும்பச்சை மிச்சம் பளிச்சுனு மாட்டிக்கும். கறுப்பு மேல வெட்டாம விட்ட வெளிச்சத் துண்டுகள் மாட்டிக்கும். தோளும் கையும் ரெண்டுலயும் பாஸ். தலை மட்டும் ஃபெயில்!

காரணம், சட்டைத் தோளும் தலைமுடியும் ஒரே மாதிரி ஓரம் கிடையாது. வெள்ளை முடி ஒவ்வொரு இழையா திரைக்குள்ள போகுது. இழைகளுக்கு நடுவுல பச்சை கலந்திருக்கு. அங்கே ஒரு 4 போதாது. மாஸ்க்ல ஓரம் மெத்துனு இருக்கிற பெரிய பிரஷ்ஷை எடுத்து, ஒப்பாசிட்டியை 30 ஆக்கி, தலையைச் சுத்தி மட்டும் கறுப்பை லேசா தடவித் தடவிக் கரைச்சேன். அப்படியும் முடிக்குள்ளே பச்சைச் சாயல் கொஞ்சம் இருந்தது.

அதுக்கு நான் கண்டுபிடிச்ச வழி கொஞ்சம் சோம்பேறித்தனமானது. வானநீலத்தையே தூக்கிட்டேன்! பழைய திரையோட கரும்பச்சையில் இருந்து கலரை எடுத்து, கொஞ்சம் சாம்பல் கலந்து, அதையே புது பேக்ரவுண்டா போட்டேன். கலவை பிக்சல்ல இருக்கிற பச்சை இப்போ அழுக்கா தெரியலை. புது பேக்ரவுண்டோடவே சேர்ந்துடுச்சு. இருட்டுல எடுத்த ஆளை இருட்டுலயும், வெளிச்சத்துல எடுத்த ஆளை வெளிச்சத்துலயும் நிறுத்தினா ஓரப் பிரச்னையில் பாதி வேலை மிச்சம். ஸ்டூடியோக்காரரோட வெட்டு ரொம்ப மோசம்னுகூட சொல்ல முடியாது. கரும்பச்சையில் இருந்தவரை வானநீலத்துக்குக் கொண்டுபோனதுதான் அவரைக் காட்டிக் கொடுத்தது.

குஞ்சம் எங்கே?

விடிகாலை மூணு மணிக்கு அனுப்பினேன். காலையில் ரூம்மேட் கூப்பிட்டான். “சூப்பர்டா மச்சி, இரு, அப்பத்தா பேசணுமாம்.”

போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், “நல்லாருக்குப்பா. ஆனா அவுக துண்டுல குஞ்சம் இருக்குமே... நாந்தான் முறுக்கிவிடுவேன். அதைக் காணோமே தம்பி”ன்னாங்க.

எனக்குச் சுருக்னு ஆயிடுச்சு. ஒரிஜினலைத் திறந்து பார்த்தேன். தோள்ல இருந்து கை ஓரமா தொங்குற துண்டு நுனியில் ஏழெட்டு நூல் குஞ்சம், ஒவ்வொண்ணும் அஞ்சாறு பிக்சல் அகலம். நான் ஷ்ரிங்க் கொடுத்தது 4. அது ரெண்டு பக்கமும் இருந்து உள்ளே தள்ளும். அப்போ 8 பிக்சலுக்குக் குறைவா இருக்கிற எதுவும் மிஞ்சாது. மூக்குக் கண்ணாடிக் கம்பி, கம்மல் தொங்கல், பறக்கிற முடி எல்லாத்துக்கும் இதே கதிதான். குஞ்சம் போனது ஏதோ ஓரத்துல நடந்த விபத்து இல்லை. நான் போட்ட கணக்கே அதை வெட்டியிருக்கு. நானும் கவனிக்கலை, ரூம்மேட்டும் கவனிக்கலை. முறுக்கிவிட்ட கைக்குத்தான் தெரிஞ்சிருக்கு.

நல்லவேளை, டெலீட் பண்ணலை. மாஸ்க்கைத் தேர்ந்தெடுத்து, 5 பிக்சல் பிரஷ்ஷில் வெள்ளை எடுத்து, ஒவ்வொரு குஞ்சத்து மேலயும் மேல இருந்து கீழே ஒரு கோடு. கோடு போடப் போட அடியில் ஒளிஞ்சிருந்த நூல் வெளியே வந்தது. கொஞ்சம் கோணின இடத்துல கறுப்பு பிரஷ்ஷால திருத்தினேன். பின்னாடி அதே கரும்பச்சைச் சாயல்ங்கிறதால ஓரத்துல ஒட்டின பச்சை கண்ணுக்கே தெரியலை. மொத்தம் இருபது நிமிஷ வேலை.

அதனால எந்த வெட்டையும் முடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு வேலை பண்ணுங்க. மாஸ்க்கை அணைச்சு, போட்டு, அணைச்சு, போட்டுப் பாருங்க. மாஸ்க் தம்ப்நெயில் மேல `Ctrl` அழுத்திக் கிளிக் பண்ணினா அது அணையும், மறுபடி பண்ணினா வரும். ஓரத்துல எது எது காணாமப் போகுதுன்னு கண்ணு உடனே பிடிச்சுடும். வழவழப்பா இருக்கான்னு மட்டும் பார்த்துட்டு நான் ஏமாந்த மாதிரி நீங்க ஏமாறாதீங்க.

பதினாறாம் நாள் நான் போக முடியலை, இன்டர்னல் எக்ஸாம். ரூம்மேட் ஃப்ரேம் போட்ட படத்தை மொபைலில் எடுத்து அனுப்பியிருந்தான். மாலை போட்டிருந்தாங்க. மாலை சரியா தாத்தாவோட ரெண்டு தோளையும் மறைச்சிருந்தது. ஒரு ராத்திரி முழுக்க நான் வெட்டின ஓரம் மொத்தமும் சாமந்திக்குப் பின்னாடி!

கீழே, மாலை முடியுற இடத்துல, குஞ்சம் மட்டும் தெரிஞ்சது.

அடுத்த வாரம் பார்க்கலாம் மக்கள்ஸ். ஜூட்!